தாடியில் உதிரும் பொடுகு: தலைப் பொடுகின் இன்னொரு முகம்

கார்த்திகை முதல் நாளில் மாலை போட்டுக்கொண்ட என் தம்பி, வழக்கம்போல விரதம் முடியும்வரை முகம் மழிக்கவில்லை. முதல் இரண்டு வாரம் முளைக்கும் முடி குத்துகிறது என்று சொன்னான். அது எல்லோருக்கும் வருவதுதான். குட்டையாக நிற்கும் புது முடியின் முனை தோலிலேயே உரசுவதால் ஏற்படும் அந்த உறுத்தல், முடி சற்று நீண்டு வளைந்து படுத்ததும் தானாக அடங்கிவிடும். ஆனால் மூன்றாவது வாரத்தில் தொடங்கிய அரிப்பு வேறு வகையாக இருந்தது. முடி படிந்த பிறகும் அது நிற்கவில்லை. மோவாயைச் சொறிந்தால், அணிந்திருந்த கறுப்புச் சட்டையின் மார்பில் வெள்ளைத் தூள் விழுந்தது. கறுப்பு உடை அணியும் நாள்களாக இல்லாதிருந்தால் அதை அவன் இன்னும் சில வாரம் கவனித்திருக்க மாட்டான்.

மார்கழிப் பனியும் விடியற்காலைக் குளிர்நீர்க் குளியலும் சேர்ந்து தோலை வறட்டிவிட்டன என்றுதான் வீட்டில் எல்லோரும் முடிவுக்கு வந்தோம். தாடியில் செதில் உதிரக் கண்டவர்களில் பெரும்பாலோர் முதலில் வருவது இதே முடிவுக்குத்தான். அந்த முடிவு தவறாக இருக்கும்போது அடுத்துச் செய்யும் வைத்தியமும் தவறிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையை அங்கிருந்து தொடங்குகிறேன். தாடியில் உதிர்வது பெரும்பாலும் வறட்சியின் செதில் அன்று. அது தலையில் வரும் அதே பொடுகு, முகத்தில் வேரூன்றிய வடிவம். தம்பிக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே தலையில் பொடுகு உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க எங்களுக்குத்தான் நான்கு மாதம் பிடித்தது.

பொடுகு என்பது என்ன என்பதைத் தலையிலிருந்தே பார்க்கலாம். நம் தோலின் மேலடுக்கு ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. பழைய செல்கள் தனித்தனியாக, கண்ணுக்குத் தெரியாத அளவில் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. தோல் எரிச்சலுக்கு உள்ளாகும்போது இந்தப் புதுப்பித்தல் அவசரமாக நடக்கிறது. முழுமையாக முதிராத செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையிலேயே மேலே வந்து, கற்றையாகப் பெயர்கின்றன. அந்தக் கற்றைதான் நம் கண்ணில் படும் செதில். ஆகவே செதிலைக் கழுவி நீக்குவது மட்டும் வைத்தியம் ஆகாது. தோலை அவசரப்படுத்தும் எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

அந்த எரிச்சலில் பெரும்பங்கு வகிப்பது மலசீசியா என்னும் ஈஸ்ட், அதாவது ஒரு செல்லால் ஆன நுண்ணிய பூஞ்சை. பொடுகுச் செதிலில் இத்தகைய பூஞ்சை இருப்பதை 1874ஆம் ஆண்டிலேயே விவரித்த மலசே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் பெயரே அதற்குப் பின்னர் சூட்டப்பட்டது. இது வெளியிலிருந்து தொற்றிக்கொள்ளும் கிருமி அன்று. வளர்ந்த மனிதர் ஏறக்குறைய எல்லோருடைய தோலிலும் இருக்கிறது. ஒருவருடைய சீப்பினால் இன்னொருவருக்குப் பொடுகு ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு அதனால் இடமில்லை. நம் ஊரில் மார்பிலும் முதுகிலும் வரும் தேமலுக்குக் காரணமும் இதே குடும்பத்துப் பூஞ்சைதான் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

மலசீசியாவின் உணவு முறையைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை எளிதில் விளங்கும். அதற்கு வாழக் கொழுப்பமிலங்கள் வேண்டும். ஆனால் அவற்றைத் தானே உருவாக்கிக்கொள்ள அதனால் முடியாது. 2007ஆம் ஆண்டில் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா இனம் ஒன்றின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, கொழுப்பமிலத்தை உருவாக்கும் மரபணுவே அதில் இல்லை என்பதும், கொழுப்பை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் ஏராளமாக இருப்பதும் தெரியவந்தன. நம் மயிர்க்கால்களை ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் கொழுப்பை அது உடைத்து, தனக்கு வேண்டிய நிறைவுற்ற கொழுப்பமிலங்களை எடுத்துக்கொள்கிறது. வேண்டாதவற்றைத் தோலின் மேலேயே விட்டுவிடுகிறது. அப்படி எஞ்சுவதில் முக்கியமானது ஓலியிக் அமிலம். அது சிலருடைய தோலுக்குள் ஊடுருவி, அதன் பாதுகாப்பு அடுக்கைக் கலைத்து, எரிச்சலையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. எல்லோருக்கும் அல்ல, சிலருக்குத்தான். பொடுகு வரும் இயல்புள்ளவர்களின் தலையில் ஓலியிக் அமிலத்தைத் தடவியபோது செதில் தோன்றியதையும், அந்த இயல்பு இல்லாதவர்களுக்கு அப்படி ஏதும் நிகழாததையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எண்ணெய்ச் சுரப்பு, பூஞ்சை, அந்த மனிதருடைய தோலின் இயல்பு ஆகிய மூன்றும் கூடினால்தான் பொடுகு. தினமும் இருவேளை குளிப்பவருக்கு வருவதும், சோம்பேறியாகத் திரியும் அவருடைய நண்பருக்கு வராதிருப்பதும் இதனால்தான்; இதைச் சுத்தக் குறைவு என்று பழிப்பது அநியாயம்.

இனி முகத்துக்கு வருவோம். எண்ணெய்ச் சுரப்பிகள் உடலெங்கும் ஒரே அளவில் இல்லை. தலை, புருவம், மூக்கின் இரு பக்க மடிப்பு, காதின் பின்புறம், மீசை தாடி வளரும் பகுதி, நடுமார்பு ஆகிய இடங்களில் அவை பெரியவை. அங்கே எண்ணெய் மிகுதி. பருவ வயதில் தாடியை முளைக்கச் செய்யும் அதே ஆண்பாற் சுரப்பிநீர்கள் இந்தச் சுரப்பிகளையும் பெருக்கச் செய்கின்றன. எனவே தலையில் பொடுகு வரும் இயல்புள்ள ஒருவருக்கு, தாடிப் பகுதியும் அதே பயிருக்கு ஏற்ற நிலமாகவே இருக்கிறது. தலையோடு நிற்கும் இலேசான வடிவத்தைப் பொடுகு என்கிறோம். சிவந்து, அழற்சியோடு முகம், காது, மார்பு என்று பரவும் வடிவத்தை மருத்துவர்கள் செபோரிக் டெர்மடைடிஸ் என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே நோயின் வெவ்வேறு படிகள். மருந்துச் சீட்டில் அந்தப் பெயரைக் கண்டு, புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை.

மழித்த முகத்தில் இல்லாத தொல்லை தாடி வளர்ந்ததும் தோன்றுவது ஏன்? மழித்த முகத்தில் சுரக்கும் எண்ணெய் கைக்குட்டையிலும் துண்டிலும் தலையணை உறையிலும் துடைபட்டுப் போகிறது. சவரக்கத்தி ஒவ்வொரு முறையும் மேலடுக்குச் செதிலையும் சுரண்டி எடுத்துவிடுகிறது. தாடி வளர்ந்தபின் எண்ணெயும் செதிலும் முடிகளுக்கிடையே தங்குகின்றன. முகம் கழுவும்போது தண்ணீரும் சோப்பு நுரையும் முடியின் மேலேயே வழிந்துவிடுகின்றன. விரல் நுனி தோலைத் தொடுவதே இல்லை. அடர்ந்த தாடி வைத்திருப்பவர் அடுத்த முறை முகம் கழுவும்போது இதைக் கவனித்துப் பார்க்கலாம். கன்னத்தில் தாடி தொடங்கும் கோட்டுக்கு மேலே மட்டும்தான் தோல் உண்மையில் கழுவப்படுகிறது.

தம்பியின் கதையில் அடுத்து நடந்தது எண்ணெய் வைத்தியம். மலையிலிருந்து திரும்பியவன், தாடி முகத்துக்குப் பொருந்துகிறது என்று அதை எடுக்காமல் வைத்துக்கொண்டான். விரத நாள்களில் எண்ணெய் தொடாதிருந்ததால்தான் இந்த வறட்சி என்று அம்மா தேங்காய் எண்ணெயை எடுத்துக் கொடுத்தார். பிறகு அவனே தாடிக்கென்று விற்கும், பாதாம் எண்ணெய் கலந்த புட்டி ஒன்றை வாங்கிக்கொண்டான். இரவு தடவினால் காலையில் செதிலே தெரியவில்லை. குணமாகிவிட்டது என்றுதான் அவனும் நம்பினான். உண்மையில் எண்ணெயில் ஊறிய செதில் ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்து தோலோடு படிந்துவிடுகிறது. மறைகிறதே தவிர நீங்குவதில்லை. பத்து நாளில் அரிப்பு இரட்டிப்பாகி, மோவாயின் அடியில் மஞ்சள் நிறத்தில் பிசுக்கான பொருக்குகள் கட்டத் தொடங்கின.

ஆய்வகத்தில் மலசீசியாவை வளர்க்க விரும்புவோர், வழக்கமான வளர்ப்பூடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவது நெடுநாளைய முறை. அந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் அது வளராது. பாதாம் எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் மிகுந்திருப்பது, முன்பு சொன்ன அதே ஓலியிக் அமிலம். நல்லெண்ணெயிலும் அது கணிசமாக உண்டு. அதாவது பொடுகுள்ள தாடியில் இவற்றைத் தடவி இரவெல்லாம் விட்டுவைப்பவர், பூஞ்சைக்கு உணவையும் தோலுக்கு எரிச்சலையும் ஒரே புட்டியிலிருந்து ஊற்றுகிறார். தேங்காய் எண்ணெயின் சேர்க்கை வேறு. அதில் பாதியளவு லாரிக் அமிலம். ஆயினும் அதையும் பொடுகு அடங்கும்வரை தாடியிலிருந்து தள்ளி வைப்பதே நல்லது என்பது என் கருத்து. கட்டிப்போன பொருக்கை இளக்குவதற்காகக் குளிப்பதற்குச் சற்று முன் தடவி, உடனே கழுவிவிடுவது வேறு செயல், அதில் குற்றமில்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் முகத்தில் தேய்க்கவே வேண்டாம். புண்பட்ட தோலை அது எரிப்பதோடு, வெயில் பட்டால் கருந்திட்டுகளையும் விட்டுச்செல்லும்.

தை மாதத்தில் உறவினர் திருமணம் ஒன்றுக்காகத் தம்பி முகம் மழித்தான். ஒரே வாரத்தில் மோவாயில் செதிலும் அரிப்பும் அடங்கின. தாடிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மூக்கின் இரு பக்க மடிப்பிலும் இலேசான சிவப்பும் மெல்லிய செதிலும் அப்படியே இருந்தன. புருவத்தைத் தேய்த்தால் தூள் விழுந்தது. தலைப் பொடுகோ எப்போதும்போல இருந்தது. பங்குனியில் மீண்டும் தாடி வைத்தபோது மூன்றே வாரத்தில் அரிப்பு திரும்பியது. மழித்தல் அந்த நிலத்தைத் தற்காலிகமாகத் தரிசாக்கியதே தவிர, நோயின் இயல்பை மாற்றவில்லை.

வறட்சியா, பொடுகா என்று வீட்டிலேயே பிரித்தறிய அந்த மூக்கு மடிப்பும் புருவமும் தலையுமே நல்ல சாட்சிகள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, தாடி முடியை இரு கட்டைவிரல்களால் வகிடு எடுப்பதுபோலப் பிரித்துத் தோலைப் பார்க்க வேண்டும். பொடுகாக இருந்தால் செதில் சற்று மஞ்சளாக, பிசுக்காக, முடியின் அடியைச் சுற்றி ஒட்டியிருக்கும். விரல்களுக்கிடையே நசுக்கினால் மெழுகுபோல இழுபடும். வறட்சியாக இருந்தால் செதில் மாவுபோல வெள்ளையாக, உலர்ந்து, எளிதில் உதிரும். முகம் கழுவியவுடன் தோல் இழுத்துப் பிடிப்பதுபோல இருக்கும். கன்னத்தின் முடியில்லாப் பகுதியும் கைகால்களும்கூட வறண்டிருக்கும். வறட்சி, எண்ணெயோ களிம்போ தடவியபின் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். பொடுகு, தம்பிக்கு நேர்ந்ததுபோல, ஓரிரவு மறைந்து பத்து நாளில் பெருகும்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பொடுகின் அழற்சி சிவப்பாகத் தெரியும் என்று பெரும்பாலான விளக்கங்களில் எழுதப்பட்டிருக்கும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அந்தச் சிவப்பு கண்ணில் படாமல், அவ்விடம் சற்று வெளிறியோ கருத்தோ காணப்படலாம். மூக்கோரத்திலும் தாடியின் விளிம்பிலும் வெளிறிய திட்டுகளைக் கண்டு வெண்படை என்று அஞ்சுவோர் உண்டு. வெண்படையில் செதிலும் பொதுவாக அரிப்பும் இருப்பதில்லை. நிறமும் சுண்ணாம்புபோல முற்றிலும் வெளுத்துவிடும். பொடுகின் வெளிறல் அழற்சி தணிந்தபின் மெல்ல மறையும். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

வைத்தியத்தில் முதலில் வருவது பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் ஷாம்பு. தலைக்குப் பயன்படும் அதே ஷாம்புதான் தாடிக்கும். இரண்டு சதவீதக் கீட்டோகோனசோல் அடங்கியது நம் ஊர் மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைக்கிறது. ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்பைடு ஆகியவை அடங்கிய ஷாம்புகளும் இதே வேலையைச் செய்கின்றன. செலினியம் சல்பைடு மட்டும் முகத் தோலைச் சற்று எரிக்கக்கூடும், வெளிர்நிற முடியின் நிறத்தையும் மாற்றலாம் என்பதால் நரைத்த தாடி உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. எதை வாங்குகிறோம் என்பதைவிட, எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். தம்பியும் முதல் வாரத்தில் நுரை வந்ததும் கழுவிவிட்டு, பயனில்லை என்று சலித்துக்கொண்டான். மருந்து தோலில் சில நிமிடம் தங்காமல் வேலை செய்யாது.

வாரத்துக்கு இரண்டு முறை, குளிக்கும்போது, முதலில் தாடியையும் தலையையும் நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும். தாடிக்கு அரைத் தேக்கரண்டி ஷாம்பு போதும். உள்ளங்கையில் தேய்த்து முடியின் மேல் பூசாமல், விரல் நுனிகளை முடிக்குள் நுழைத்து, மோவாயின் அடி, கிருதா, மீசையின் கீழ், உதட்டின் கீழுள்ள குழி என்று தோலைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். நகம் படக் கூடாது. எஞ்சிய நுரையை மூக்கோரத்திலும், கண்ணில் படாமல் புருவத்திலும் இலேசாகத் தடவலாம். தலைக்கும் அப்போதே போட்டுவிட வேண்டும். பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். ஐந்து நிமிடம் என்பது குளியலறையில் நிற்பவருக்கு நீண்ட நேரம். மனக்கணக்கில் எண்ணினால் ஒன்றரை நிமிடத்திலேயே முடித்துவிடுவோம். தம்பி கைப்பேசியில் நேரம் வைத்து, அதற்குள் உடம்புக்குச் சோப்பு போட்டுக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டான். அதன்பின் நிறையத் தண்ணீர் விட்டு, முடிக்குள் வழவழப்பு இல்லாமல் அலச வேண்டும். எஞ்சிய ஷாம்புவே தனியொரு அரிப்பைத் தரும். மற்ற நாள்களில் முகத்துக்கான மென்மையான கழுவு திரவம் போதுமானது.

தாடிக்கு மட்டும் போட்டுத் தலையை விட்டுவிடுவது அரைகுறை வைத்தியம். தலையில் அழற்சி தொடர்ந்தால் நெற்றி ஓரம், கிருதா, காதோரம் வழியாக அந்தத் தொல்லையும் தொடர்ந்துகொண்டே இருக்கும். தாடிக்கான தனி ஷாம்பு, தலைக்கான தனி ஷாம்பு என்று செலவழிப்பதற்கும் தேவையில்லை.

முதலில் குறைவது அரிப்பு. பலருக்கு அது முதல் இரண்டு வாரத்திலேயே தெரியும். செதில் அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் ஷாம்பைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள், ஓரிரு மாதத்தில் மீண்டும் தொடங்குகிறார்கள். பூஞ்சை நம் தோலின் நிரந்தரக் குடி. அதன் எண்ணிக்கையைக் குறைக்கலாம், குடியையே நீக்க முடியாது. ஆகவே அடங்கியபின் வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ அதே ஷாம்பைத் தொடர வேண்டும். ஷாம்பு பட்டுத் தோல் வறண்டால், எண்ணெய்க்குப் பதிலாக இலேசான, மணமில்லாத ஈரப்பதக் களிம்பைச் சிறிதளவு தடவிக்கொள்ளலாம்.

ஸ்டீராய்டு களிம்புகளைப் பற்றிக் கவலையோடுதான் எழுதுகிறேன். அரிப்பு என்று சொன்னவுடன், ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் பாக்டீரியாக்கொல்லியும் ஒன்றாகக் கலந்த களிம்பு நம் ஊரில் எளிதாகக் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும்; அதனால் அதன்மேல் நம்பிக்கை பிறக்கும். அவற்றில் பலவற்றில் இருப்பது முகத்தில் போடவே கூடாத அளவு வீரியமுள்ள ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிகிறது, பரு கிளம்புகிறது, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக எரிந்து சிவக்கிறது. எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதையே தடவும் சுழலில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அழற்சி கடுமையாக இருந்தால் தோல் மருத்துவரே மென்மையான ஸ்டீராய்டு ஒன்றைச் சில நாளைக்கு எழுதித் தருவார். அந்த அளவும் நாளும் அவர் சொல்வதாகவே இருக்க வேண்டும். அதேபோல் கீட்டோகோனசோலை மாத்திரையாக விழுங்கக் கூடாது. தோலின் மேல் போடும்போது பாதுகாப்பான அம்மருந்து, மாத்திரையாக உள்ளே சென்றால் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும்.

தாடிக்குள் வரும் எல்லா அரிப்பும் பொடுகு அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும், வட்டமாக, விளிம்பு தடித்து, உள்ளே முடி ஒடிந்தோ இழுத்தால் எளிதில் கழன்றோ வந்தால் அது தாடியில் வந்த படர்தாமரையாக இருக்கலாம். அது தொற்றும், கத்தியையும் துண்டையும் பகிரக் கூடாது. மாடுகளோடு புழங்குபவர்களுக்கு அவற்றிடமிருந்தும் ஒட்டலாம். அதற்குப் பொதுவாக உள்ளுக்கு மருந்து வேண்டியிருக்கும். தாடிக்குச் சாயம் பூசிய ஓரிரு நாளில் தோல் தடித்து, நீர்க்கசிவோடு அரித்தால் சாயத்தின் ஒவ்வாமையை முதலில் சந்தேகிக்க வேண்டும். செதில் வெள்ளித் தகடுபோலத் தடித்து, முழங்கையிலும் முழங்காலிலும் அதேபோல இருந்தால் சொரியாசிஸ் ஆகலாம். நான்கு வாரம் முறையாக ஷாம்பு போட்டும் குறையாவிட்டாலும், சீழ் கட்டினாலும், முன்பு இல்லாத பொடுகு திடீரெனக் கடுமையாகி முகம், மார்பு என்று பரவினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னது சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதன் அடையாளமாக இருப்பதுண்டு.

தம்பிக்கு வைகாசிக்குள் செதில் நின்றது. மூக்கோரத்து வெளிறல் மறைய ஆடி பிறந்தது. இப்போது ஞாயிறுதோறும் தலைக்கும் தாடிக்கும் சேர்த்து ஒரே ஷாம்பு போடுகிறான். அடுத்த கார்த்திகையில் மாலை போடும்போது விரத நாள்களில் ஷாம்பு தொடக் கூடாதே என்று தயங்கினான். குருசாமியிடம் கேட்டபோது, மருந்தாகப் போடுவதற்குத் தடையில்லை என்று அவர் சொன்னார். அந்த மண்டலம் முழுவதும் கறுப்புச் சட்டையில் வெள்ளைத் தூள் விழவில்லை.